கன்னத்தின் இடைத்தொனி

நிழற்படத்தில் மனித முகம் ஒரே நிறத்தால் ஆனதன்று. நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் ஒளிபட்டு மினுங்கும் பகுதி, தாடையின் கீழும் கண்குழியிலும் தங்கும் நிழல், இவ்விரண்டுக்கும் இடையே கன்னத்திலும் கழுத்திலும் பரந்து கிடக்கும் தோலின் இயல்பான நிறம் என மூன்று தளங்கள் அதில் உள்ளன. படத்திருத்தக் கலையில் இம்மூன்றாவது தளம் இடைத்தொனி எனப்படுகிறது. முகம் இருண்டு விழுந்த படத்தைத் தெளிவாக்க வேண்டுமாயின் வெளிச்சம் சேர்க்க வேண்டிய இடம் இந்த இடைத்தொனியே. மினுக்கத்தை ஏற்றினால் முகம் எண்ணெய் வழிவதாகவும், நிழலை ஏற்றினால் முகம் தட்டையாகவும் தோன்றும். இடைத்தொனியை மட்டும் தொட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதற்குப் போட்டோஷொப் மென்பொருளில் உள்ள எளிய வழி Blend If என்னும் ஸ்லைடர் தொகுதியாகும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் எடுக்கப்பட்ட திருமணப் படங்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வந்த இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், அந்த ஸ்லைடர்களின் பயனும் அவை தவறும் இடங்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

திருகோணமலையின் நிலவமைப்பு இத்தொழிலுக்கு ஒரு தனிச் சிக்கலைக் கொடுக்கிறது. நகரம் ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்திருப்பதால், கிழக்கே சுவாமிமலைப் பாறையின் உச்சியில் கோணேசர் கோயிலும் அதன் அடியில் திறந்த கடலும், மேற்கே உட்துறைமுகத்தின் அமைதியான நீர்ப்பரப்பும் நடந்து போகும் தூரத்திலேயே உள்ளன. காலையில் கோயிலில் தாலிகட்டு முடிந்து பிரெட்ரிக் கோட்டையின் வழியே இறங்கி வரும் மணமக்கள், மாலையில் உட்துறைமுகக் கரையில் வெளிப்புறப் படங்களுக்கு நிற்பது வழக்கமாகிவிட்டது. சூரியன் அந்நேரம் துறைமுகத்துக்கு அப்பால் சாய்வதால், நீரைப் பின்னணியாகக் கொண்டு நிற்பவர்களின் முதுகில் வெயிலும் முகத்தில் நிழலும் விழுகின்றன. படப்பிடிப்பாளர் நீரும் வானமும் வெளிறிப் போகாதவாறு கமராவை அமைத்தால் முகம் கறுத்துவிடும்; முகத்துக்கு அமைத்தால் துறைமுகமே காணாமற் போய்விடும். பெரும்பாலானோர் முதலாவதையே தெரிவு செய்து, முகத்தைத் திருத்துபவரின் பொறுப்பில் விட்டுவிடுகின்றனர். வெளிறிப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது என்பதால் அத்தெரிவு சரியானதுமாகும்.

போட்டோஷொப்பில் அடுக்குகள், அதாவது படத்தின் மேல் ஒன்றன்மீது ஒன்றாகப் போர்த்தப்படும் லேயர்கள், 1994 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அறிமுகமாயின. மூலப் படத்தை அழிக்காமல் அதன் தொனியை மட்டும் மாற்றும் திருத்த லேயர்கள் 1996 இல் நான்காம் பதிப்பில் வந்தன. Curves எனப்படும் வளைகோட்டுத் திருத்தம் இத்தகைய லேயர்களுள் ஒன்று. அதன் நடுப்பகுதியை மேலே இழுத்தால் படம் வெளிச்சமாகும். அத்திருத்தம் படத்தின் எந்தப் புள்ளிகளில் செயற்பட வேண்டும், எவற்றில் செயற்படக்கூடாது என்று வரையறுப்பதே Blend If இன் வேலை. லேயரின் பெயருக்கு வலப்பக்கத்து வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கினால் Layer Style பெட்டி திறக்கும். அதன் Blending Options பகுதியின் அடியில் இரண்டு நீண்ட பட்டைகள் காணப்படும். ஒன்றின் பெயர் This Layer, மற்றதன் பெயர் Underlying Layer. ஒவ்வொரு பட்டையும் இடக்கோடியில் முழுக்கருமையைக் குறிக்கும் 0 இலிருந்து வலக்கோடியில் முழுவெண்மையைக் குறிக்கும் 255 வரை நீள்கிறது. ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு கரிய முக்கோணமும் வலப்பக்கம் ஒரு வெள்ளை முக்கோணமும் உள்ளன.

இவ்விரண்டு பட்டைகளுள் தோல் திருத்தத்துக்கு வேண்டியது இரண்டாவதே ஆகும். This Layer என்பது திருத்தம் செய்யப்பட்ட பின் கிடைக்கும் தொனியைப் பார்க்கிறது. Underlying Layer என்பது அந்த லேயருக்குக் கீழே உள்ள, இன்னும் திருத்தப்படாத படத்தின் தொனியைப் பார்க்கிறது. முதலாவதைப் பயன்படுத்துபவர் வளைகோட்டைச் சற்று அசைக்கும் ஒவ்வொரு முறையும் எல்லையும் சேர்ந்து அசைவதைக் கண்டு குழம்புவார். இரண்டாவதில் கீழுள்ள படம் மாறாதவரை எல்லையும் மாறாது. Underlying Layer பட்டையின் கரிய முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்தினால், அந்த எண்ணிலும் குறைந்த ஒளியுடைய புள்ளிகளில் திருத்தம் நின்றுவிடும். வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால், அந்த எண்ணிலும் மிகுந்த ஒளியுடைய புள்ளிகளில் திருத்தம் நின்றுவிடும். இடையில் எஞ்சுவதே இடைத்தொனி.

ஆனால் இடைத்தொனி என்பது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதுதான் இத்தொழிலின் உண்மையான கேள்வி. 0 இலிருந்து 255 வரையான அளவுகோலின் நடு 128 என்பதால், முக்கோணங்களை அந்த எண்ணுக்கு இருபுறமும் சம தூரத்தில் நிறுத்துவது பலருடைய வழக்கம். அன்செல் அடம்ஸ் வகுத்த மண்டல முறையில் படத்தின் தொனிகள் முழுக்கருமையிலிருந்து முழுவெண்மை வரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஐந்தாம் மண்டலம் நடுச்சாம்பலாகவும், வெள்ளையரின் சராசரித் தோல் அதற்கு ஒரு படி மேலே ஆறாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. மேல்நாட்டு நிறப்பட நிறுவனங்கள் பிரதி எடுக்கும் கூடங்களுக்கு அனுப்பிய சேர்லி அட்டைகளிலும் வெண்ணிறத் தோலுடைய பெண்ணின் முகமே நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது. அந்த மரபில் வந்த பாடங்களில் சொல்லப்படும் எண்களை அப்படியே எடுத்து நிலாவெளி மீனவக் குடும்பத்து மணமகனின் முகத்தில் பொருத்தினால், திருத்தம் அவருடைய நெற்றி மினுக்கத்தில் மட்டும் செயற்பட்டுக் கன்னத்தைத் தொடாமலே விட்டுவிடும். அவர் கன்னத்தின் தொனி அளவுகோலின் நடுவில் இல்லை, அதற்குக் கீழே உள்ளது. தோலின் இடைத்தொனி அந்தத் தோலின் நடுவே தவிர அளவுகோலின் நடு அன்று. எனவே அது ஒவ்வொரு முகத்திலும் அளந்தே அறியப்பட வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நிறம் எடுக்கும் துளிக்குழாய்க் கருவியைத் தெரிவு செய்து, அதன் அளவை ஒற்றைப் புள்ளியில் விடாமல் 5 by 5 Average அல்லது 11 by 11 Average என மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றைப் புள்ளி ஒரு மயிர்க்காலிலோ இரைச்சற் புள்ளியிலோ விழுந்து பொய் சொல்லக்கூடும். பின்னர் Info பலகையைத் திறந்து கன்னம், நெற்றி மினுக்கம், தாடை நிழல் ஆகிய மூன்று இடங்களில் கருவியை வைத்து எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு பின்னணியில் முகத்துக்கு நெருங்கிய பொருள்களையும் அளப்பது அவசியம். அதன் காரணம் கீழே வரும் எடுத்துக்காட்டில் தெளிவாகும்.

உட்துறைமுகக் கரையில் மாலையில் எடுக்கப்பட்ட மணமகளின் படமொன்றை எடுத்துக்கொள்ளலாம். அவர் அரக்குச் சிவப்புக் கூறைச் சேலையும் தாலிக்கொடியும் அணிந்து நீருக்கு முதுகுகாட்டி நின்றார். sRGB நிறவெளியில் இருந்த அப்படத்தில் கன்னத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் முறையே 118, 82, 64; நெற்றி மினுக்கம் 168, 130, 108; தாடை நிழல் 70, 46, 36. Blend If பட்டியலில் முதலில் நிற்கும் Gray என்னும் தெரிவு இம்மூன்று நிறங்களையும் சேர்த்த ஒளிர்வையே பார்க்கிறது. அதில் பச்சைக்கு ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கும், சிவப்புக்குப் பத்தில் மூன்று பங்கும், எஞ்சிய சிறு பங்கு நீலத்துக்கும் உரியவை. அவ்வாறு கணக்கிட்டால் கன்னம் 91, மினுக்கம் 139, நிழல் 52 எனக் கிடைக்கும். கன்னத்தை 115 அளவுக்கு உயர்த்த வேண்டும், மினுக்கமும் நிழலும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

கரிய முக்கோணத்தை 60 இலும் வெள்ளை முக்கோணத்தை 130 இலும் நிறுத்தினால் போதும் என்று தொடக்கத்தில் தோன்றும். அப்படிச் செய்யும்போது 130 இல் உள்ள புள்ளி முழுத் திருத்தத்தையும் பெற, 131 இல் உள்ள அதன் அயற்புள்ளி எதையும் பெறாது. கன்னத்துக்கும் மினுக்கத்துக்கும் இடையே தேசப்படத்தின் எல்லைக்கோடு போன்ற ஒரு விளிம்பு உருவாகும். இக்கட்டுரையாளர் தொழிலுக்கு வந்த புதிதில், திரையில் முழுப்படமாகப் பார்த்துத் திருப்தியடைந்து அச்சுக்கு அனுப்பிய ஓர் அல்பத்தில், 36 அங்குல அகல விரிப்பில் மணமகளின் கன்னத்தைச் சுற்றி அத்தகைய வளையம் தெரிந்தது. விரிப்பை மறுபடி அச்சிட்டுக் கொடுக்கும் செலவு அவருடையதாயிற்று. விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் முழுப்படமன்று, 200 விழுக்காட்டுப் பெருக்கத்தில் கன்னம் நெற்றியை நோக்கி வளையும் பகுதியாகும்.

இதற்கு மாற்று, முக்கோணத்தைப் பிளப்பதாகும். Alt விசையை அழுத்திக்கொண்டு முக்கோணத்தின் ஒரு பாதியை இழுத்தால் அது இரண்டாகப் பிரியும். இரு பாதிகளுக்கும் இடைப்பட்ட தொனிகளில் திருத்தம் படிப்படியாகக் கூடியோ குறைந்தோ செல்லும். அப்படத்துக்குக் கரிய முக்கோணம் 45 எனவும் 75 எனவும், வெள்ளை முக்கோணம் 115 எனவும் 150 எனவும் பிளக்கப்பட்டன. 75 முதல் 115 வரை முழுத் திருத்தம். கன்னத்தின் 91 அதற்குள் வசதியாக அமர்கிறது. தாடை நிழலின் 52 ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திருத்தத்தையும், நெற்றி மினுக்கத்தின் 139 மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த திருத்தத்தையும் பெறுகின்றன. முகத்தின் வடிவம் கலையாமல் கன்னம் மட்டும் எழுகிறது.

பிளவின் அகலம் விருப்பப்படி அமைக்கும் ஒன்று அன்று என்பது பலர் அறியாத செய்தி. கன்னத்தில் 24 அலகு ஏற்றம் கொடுக்கப்படுகிறது. 115 இல் உள்ள புள்ளி ஏறக்குறைய 139 ஆகிறது. 150 இல் உள்ள புள்ளி அசையாமல் 150 ஆகவே நிற்கிறது. முன்பு 35 அலகு விலகியிருந்த இரு தொனிகள் இப்போது 11 அலகே விலகியுள்ளன. மினுக்கத்தின் ஓரம் சற்று மென்மையாகிறது, அவ்வளவே. ஏற்றத்தை 24 இலிருந்து 40 ஆக்கினால் 115 ஆனது 155 ஆகி, அசையாத 150 ஐத் தாண்டிவிடும். இருண்டிருந்த புள்ளி அதனிலும் ஒளிர்ந்த புள்ளியை முந்திக்கொள்ளும். அப்போது மினுக்கத்தைச் சுற்றி அதைவிட வெளிச்சமான வளையம் தோன்றி, தோல் நோயுற்றது போல் காட்டும். ஆகவே வெள்ளை முக்கோணத்தின் பிளவு, கொடுக்கப்படும் ஏற்றத்தைவிட அகலமாகவே இருக்க வேண்டும்; இருமடங்கு அகலம் இருந்தால் அச்சம் இல்லை. வளையம் தோன்றினால் கைகள் இயல்பாக வெள்ளை முக்கோணத்தை இன்னும் நெருக்கத் துடிக்கும். செய்ய வேண்டியது அதற்கு எதிரானது, வெளிப்பாதியை வலப்பக்கம் விலக்குவதோ வளைகோட்டைத் தாழ்த்துவதோ ஆகும்.

நிழற்பக்கத்தில் இதன் மறுதலை நிகழ்கிறது. 45 இல் நிற்கும் புள்ளி அசையாதிருக்க, 75 இல் நிற்கும் புள்ளி 99 ஆக உயர்வதால், 30 அலகு இடைவெளி 54 ஆக விரிகிறது. நிழலின் ஓரம் கூர்மையடைவதோடு அந்த இருளில் ஒளிந்திருந்த கமரா இரைச்சலும் ஏறக்குறைய இருமடங்காகத் தெரியத் தொடங்கும். Blend If ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே நோக்கித் தீர்ப்பளிக்கிறது. அயற்புள்ளி எப்படி இருக்கிறது என்பதை அது கவனிப்பதில்லை. ஒளியுணர்வை உயர்த்தி மாலை மங்கலில் எடுத்த படத்தில், தாடையோரத்துப் புள்ளிகளுள் ஒன்று எல்லைக்கு மேலும் அடுத்தது கீழுமாகச் சிதறிக் கிடப்பதால், தோலில் மிளகு தூவியது போன்ற பொட்டுகள் எழும். அழுத்தப்பட்ட JPEG கோப்பாயின் பொட்டுகளுக்குப் பதிலாகச் சிறு சதுரங்கள் தெரியும். இத்தகைய படத்தில் திருத்தத்துக்கு முன்பே இரைச்சலைக் குறைத்துவிட்டு, கரிய முக்கோணத்தின் பிளவை மேலும் அகலமாக்க வேண்டும். அதற்கும் அடங்காத படங்கள் உண்டு. அவற்றில் Blend If ஐக் கைவிட்டு, ஒளிர்விலிருந்து மாஸ்க் ஒன்றை உருவாக்கி அதை இலேசாக மங்கலாக்கிப் பயன்படுத்துவதே முறை, ஏனெனில் மங்கலாக்கும் வசதி மாஸ்க்கில் உண்டு, Blend If இல் இல்லை.

இதுவரை சொன்னது முகத்துக்குள் நடப்பது. முகத்துக்கு வெளியே துறைமுக நீர் காத்திருக்கிறது. அப்படத்தில் நீரின் அளவு 84, 112, 122. ஒளிர்வாகக் கணக்கிட்டால் 105. கன்னத்தின் 91 உம் நீரின் 105 உம் Gray பட்டையின் கண்ணில் ஒன்றுதான். மணமகளின் கன்னம் எழுந்தபோது அவருக்குப் பின்னால் துறைமுகம் முழுவதும் வெளிறி எழுந்தது. கண்ணுக்குப் பழுப்பும் நீலமும் வெவ்வேறாகத் தெரிவதால் ஒளிர்விலும் அவை வேறாக இருக்கும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அந்த எண்ணம் தவறு. கடற்கரைப் படங்களில் Gray பட்டையை மட்டும் நம்புபவர் ஏமாறுவது இங்கேதான்.

Gray என்னும் சொல்லின் மேல் சொடுக்கினால் Red, Green, Blue என்னும் மற்ற மூன்று சனல்களும் விரியும். சனல் என்பது படத்தின் மூன்று அடிப்படை நிறங்களுள் ஒன்றை மட்டும் தாங்கும் தளமாகும். மனிதத் தோல் கறுப்போ வெளுப்போ எந்நிறமாயினும் அதில் சிவப்பு மிகுந்தும், பச்சை அதற்குக் குறைந்தும், நீலம் அதனிலும் குறைந்தும் இருப்பது வழக்கம். நீரில் அவ்வரிசை தலைகீழாக உள்ளது. எனவே சிவப்புச் சனலில் கன்னம் 118, நீர் 84 எனத் தெளிவாகப் பிரிகின்றன. Red இன் Underlying Layer பட்டையில் கரிய முக்கோணத்தை 85 எனவும் 110 எனவும் பிளந்ததும், நீர் தன் பழைய நிறத்துக்குத் திரும்பியது. ஒரு சனலில் வைத்த நிபந்தனை மற்றதில் வைத்ததை நீக்குவதில்லை. எல்லா நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறும் புள்ளிகளிலேயே திருத்தம் முழுமையாக நிற்கும்.

நீர் அகன்றபின் கூறைச் சேலை எஞ்சியது. அதன் சிவப்பு 128, கன்னத்தினதைவிட மிகுதி. ஆகவே Red பட்டை அதைத் தடுக்கவில்லை. ஒளிர்வு 55 ஆக இருந்ததால் Gray பட்டையும் அதில் மூன்றிலொரு பங்கு திருத்தத்தை அனுமதித்தது. அரக்கின் ஆழம் குறைந்து சேலை நீரில் நனைத்துக் காயவைத்தது போலாயிற்று. ஆனால் அச்சேலையின் பச்சை அளவு 22 மட்டுமே. கன்னத்தின் பச்சையோ 82. Green பட்டையின் கரிய முக்கோணத்தை 25 எனவும் 50 எனவும் பிளந்ததோடு சேலையும் விடுபட்டது. தாலிக்கொடியின் பொன்னில் ஒளிர்வு 146 ஆதலால் அது ஏற்கெனவே வெள்ளை முக்கோணத்தின் வெளியோரத்தில் நின்றது. பத்தில் ஒரு பங்களவு திருத்தம் அதற்குத் தீங்கு செய்யவில்லை.

இத்தனை நிபந்தனைகளுக்குப் பின்னும் கரையில் இழுத்து வைக்கப்பட்டிருந்த ஒரு மரத்தோணியின் பக்கப்பலகை திருத்தத்துக்குள் அகப்பட்டிருந்தது. வெயிலில் காய்ந்த மரமும், ஈர மணலும், செங்கல்லும் தோலின் அதே நிறவரிசையைக் கொண்டவை. எண்களால் அவற்றைப் பிரிக்க முயல்வது வீண். அங்கே லேயரின் மாஸ்க்கில் அகன்ற மென்தூரிகையால் மணமகளின் முகம், கழுத்து, கைகள் ஆகியவற்றைச் சுற்றி மேலோட்டமாக வெண்மை இட்டு, மற்றவற்றைக் கருமையில் விடுவது போதுமானது. முடியிழைகளையும் நெற்றிச்சுட்டியின் விளிம்பையும் Blend If தானே விலக்கிவிடுவதால், தூரிகை நுணுக்கமாக ஓட வேண்டியதில்லை. மாஸ்க் இடத்தைச் சொல்கிறது, Blend If தொனியைச் சொல்கிறது. இரண்டும் சேரும்போதே வேலை விரைவாகவும் சுத்தமாகவும் முடிகிறது.

எல்லை எங்கே விழுகிறது என்பதை ஊகிக்காமல் கண்ணால் காண ஓர் உபாயம் உண்டு. Curves லேயரின் கண்குறியை அணைத்துவிட்டு, அதே இடத்தில் Solid Color லேயர் ஒன்றைக் கடும்பச்சை நிறத்தில் இட்டு, Blend If எண்களை முதலில் அதில் அமைக்க வேண்டும். படத்தின் மேல் பச்சை படிந்த இடமெல்லாம் திருத்தம் விழப்போகும் இடம். பச்சை கன்னத்திலிருந்து நெற்றிக்கு மெல்லக் கரைகிறதா, வெட்டென நிற்கிறதா, நீரில் தெறித்திருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். எண்கள் அமைந்தபின் Copy Layer Style கொடுத்து Curves லேயரில் ஒட்டிவிட்டுப் பச்சை லேயரை நீக்கலாம். ஒட்டும்போது கலப்பு முறையும் சேர்ந்து மாறக்கூடும் என்பதால், Curves லேயர் தான் இருந்த முறையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கலப்பு முறை பற்றியும் இங்கு சொல்ல வேண்டியுள்ளது. Curves லேயரை Luminosity முறையில் வைத்தால் ஒளிர்வு மட்டும் கூடி நிறம் மாறாது என்பது பொதுவான அறிவுரை. வெண்ணிறத் தோலுக்கு அது நன்றாகப் பொருந்தும். பழுப்புத் தோலில் அவ்வறிவுரை முழுமையானதன்று. கன்னத்தின் மூன்று எண்களும் ஒரே அளவு 24 ஆல் உயர்ந்து 142, 106, 88 ஆகும்போது, நீலத்தோடு ஒப்பிட்ட சிவப்பின் பங்கு முன்னிருந்ததைவிடக் குறைகிறது. வெளிச்சம் வந்தும் உயிர் குறைந்து, தோல் சாம்பல் பூத்ததாகிறது. மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் உயர்ந்திருந்தால் 149, 104, 81 என வந்திருக்கும். அதுவே அந்த முகம் நல்ல வெளிச்சத்தில் நின்றிருந்தால் கமரா கண்டிருக்கும் நிறம். Normal முறையில் விட்டால் வளைகோட்டின் வடிவத்துக்கேற்ப நிறம் செறிந்து சில முகங்கள் செம்மஞ்சளாகிவிடும். ஏற்றம் சிறிதாயின் Normal முறையும், பெரிதாயின் Luminosity முறையோடு அதற்கு மேல் Color Balance லேயர் ஒன்றில் சிவப்பையும் மஞ்சளையும் சிறிது சேர்ப்பதும் இக்கட்டுரையாளர் கைக்கொண்ட வழி. அந்த இரண்டாம் லேயருக்குப் பழைய எண்களை அப்படியே கொடுக்கக்கூடாது. அதன் கீழே இப்போது இருப்பது 91 ஆக இருந்த கன்னமன்று, 115 ஆக உயர்ந்த கன்னம். Underlying Layer கீழேயுள்ள எல்லாவற்றின் கூட்டையும் பார்ப்பதால், மேலுள்ள லேயரின் முக்கோணங்களும் அதற்கேற்ப வலப்பக்கம் நகர வேண்டும். இதே காரணத்தால் வெள்ளைச் சமநிலை, மொத்த ஒளி போன்ற பொதுத் திருத்தங்கள் அனைத்தும் முதலில் முடிந்திருக்க வேண்டும். பின்னர் கீழே எதை அசைத்தாலும் மேலே அளந்து வைத்த எல்லை பொய்யாகிவிடும்.

ஒரே படத்தில் இருவர் நிற்கும்போது ஒரு லேயர் போதாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தில் தோல்நிறம் இனத்துக்கு இனம் மாறுகிறது என்று சொல்வதைவிட, ஒரு வீட்டுக்குள்ளேயே அது மாறுகிறது என்று சொல்வதே பொருந்தும். மணமகளின் கன்னம் 91 ஆக இருந்த அதே நிழலில், நாள்தோறும் வெயிலில் தொழில் செய்யும் மணமகனின் கன்னம் 62 ஆக இருக்கக்கூடும். அவருக்கு 75 இலிருந்து தொடங்கும் முழுத் திருத்தம் கன்னத்துக்கு எட்டாமல் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் விழுந்து, முகத்தைத் திட்டுத்திட்டாக்கும். இருவருக்கும் தனித்தனி Curves லேயர்களும், தனித்தனி மாஸ்க்குகளும், அவரவர் கன்னத்தில் அளந்த எண்களும் வேண்டும். குடும்பப் படத்தில் பன்னிரண்டு பேர் நின்றால் பன்னிரண்டு லேயர்கள் தேவையில்லை. தொனி நெருங்கியவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தால் போதும்.

எவ்வளவு உயர்த்துவது என்னும் கேள்விக்கு எண்களால் மட்டும் விடை கிடைப்பதில்லை. மணமகளை இன்னும் வெள்ளையாக்கித் தாருங்கள் என்ற வேண்டுகோள் ஸ்ரூடியோக்களில் அடிக்கடி கேட்கப்படுவது. அதைக் கேட்டு 91 ஐ 160 ஆக்க முயன்றவர்களின் அல்பங்களில் முகம் ஒரு நிறத்திலும் கைகள் வேறொரு நிறத்திலும் கிடக்கின்றன. நிழலில் நின்ற முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது திருத்தம். ஒருவருடைய தோலை வேறொருவருடைய தோலாக்குவது திருத்தமன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவுகோல் கைவசம் உண்டு. அதே மணமகள் காலையில் கோயில் வீதியின் திறந்த நிழலில் நின்ற படத்தில் அவருடைய கன்னத்தை அளந்து, அந்த எண்ணை மாலைப் படத்தின் இலக்காக வைத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டில் 115 என்னும் இலக்கு அவ்வாறு பெறப்பட்டதே. குடும்பத்தாரிடம் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டும்போது அவர்கள் பெரும்பாலும் அந்த அளவை ஏற்றுக்கொள்கின்றனர்.

திருத்திய படத்தை அச்சுக்காக JPEG ஆக்கும்போது லேயர்களும் ஸ்லைடர்களும் அதில் கரைந்து மறைந்துவிடும். பிறகு ஒரு முகத்தை மட்டும் அசைக்க இயலாது. அல்பம் கொடுத்து ஆண்டுகள் கழிந்தபின், அந்த விரிப்பிலிருந்த ஒரு முகத்தைத் தனியாகப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டக் கேட்டுக் குடும்பங்கள் வருவதுண்டு. சிலவேளை அம்முகத்துக்குரியவர் அப்போது உயிரோடு இருப்பதில்லை. இவ்வேலையைச் செய்யும் தம்பி தங்கையர், வன்தட்டில் இடம் போதவில்லை என்று PSD கோப்புகளை அழித்துவிடாமல், திருமணத் திகதியைப் பெயராக இட்டு இரண்டு இடங்களில் சேமித்து வைத்திருக்குமாறு வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள்.